பழைய பாக்கெட்டைப் புதுப் பாக்கெட் தின்கிறதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் சிப்ஸ்காரர்: தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் உப்பு சிப்ஸ்தான் எங்கள் பழைய சரக்கு. ஓணம் முடிந்த கையோடு அதே பேரில் மிளகு சிப்ஸ் இறக்கினோம். மிளகு கொடுத்த கடைகளில் முன்பு மாதம் 1000 பாக்கெட் உப்பு போகும். இப்போது உப்பு 720, மிளகு 400. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

குளச்சல் கடைக்காரர்: மொத்தம் 1120 ஆயிற்றே அண்ணாச்சி, நல்லதுதானே?

கருங்கல் ஊறுகாய் அக்கா: எனக்கும் நடந்தது. எங்கள் லேபிள் மாதிரியே அடித்து வேறொருவர் விற்றார்.

தக்கலை ஏஜென்சிக்காரர்: அது போலி அக்கா, இவர் கேட்பது வேறு. அண்ணாச்சி, ஒரு பாக்கெட்டில் கைக்கு என்ன நிற்கும்?

மார்த்தாண்டம் சிப்ஸ்காரர்: உப்பில் 12 ரூபாய். விற்கிற விலை ஒன்றுதான், ஆனால் மிளகுச் செலவு போக அதில் 8 தான்.

தக்கலை ஏஜென்சிக்காரர்: அப்படியானால் மிளகில் வந்தது 3200. உப்பில் குறைந்த 280 பாக்கெட்டுக்குப் போனது 3360. பாக்கெட் கூடியும் 160 ரூபாய் நஷ்டம். ஆனால் இதை அப்படியே நம்பாதீர்கள். ஓணம் கழிந்தால் சிப்ஸ் எப்படியும் இறங்கும். மிளகு கொடுக்காத கடைகளில் உப்பு எப்படி?

மார்த்தாண்டம் சிப்ஸ்காரர்: குலசேகரம் பக்கம் இன்னும் கொடுக்கவில்லை. அங்கே 500 போனது 460 ஆகியிருக்கிறது.

தக்கலை ஏஜென்சிக்காரர்: நூற்றுக்கு 8 இறக்கம். மிளகே வராவிட்டாலும் உங்கள் 1000, 920 ஆகியிருக்கும். அப்போது மிளகு தின்றது 200 தான், அதாவது 2400 ரூபாய். 800 மிச்சம். இரண்டு பக்கத்துக் கடைகளும் ஒரே மாதிரி வியாபாரம் உள்ளவை என்றால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அப்புறம், அந்த 400 கடைக்கு இறக்கியதா, ஆள் வாங்கிப் போனதா? முதல் லோடு கடையை நிரப்பத்தான் போகும். இரண்டாவது, மூன்றாவது ஆர்டரைப் பாருங்கள். பெரிய கம்பெனிக்கும் இது வரும். கோகோ கோலா 1982-இல் டயட் கோக் இறக்கிய பிறகு, அவர்களுடைய சொந்த பழைய டயட் பானமான 'டேப்' படுத்துவிட்டது.

கருங்கல் ஊறுகாய் அக்கா: சரி, இப்போது புரிகிறது. நாங்கள் சின்ன பாட்டில் விட்டதும் பெரிய பாட்டில் வாங்கியவர்களே அதற்கு மாறினார்கள். வீடு வீடாய்க் கொடுப்பதால் ஆள் யார் என்று தெரிந்தது.

குளச்சல் கடைக்காரர்: ஒன்று சொல்லட்டுமா? என் கடையில் சிப்ஸ் சரம் தொங்கவிட இரண்டு கொக்கிதான். மிளகு வந்தபோது உங்கள் உப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதை மாட்டினேன்.

மார்த்தாண்டம் சிப்ஸ்காரர்: அடடா! அப்போ வாங்குகிறவர்கள் மாறினார்களா, நீங்கள் மாற்றினீர்களா?

குளச்சல் கடைக்காரர்: சிலர் உப்பு கேட்டார்கள். இல்லை என்றதும் மிளகை எடுத்தவர்களும் உண்டு, பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு.

தக்கலை ஏஜென்சிக்காரர்: உப்பு தொங்காத கடைகளை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் அண்ணாச்சி. 800 மேலே போகுமா கீழே வருமா, அதற்கப்புறம் பேசலாம்.