பொருள்: கொன்டாக்ட் இன்ஹிபிஷன் – தமிழில் என்ன?

துவாரகன், வெள்ளவத்தை:
வணக்கம். உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்குப் புற்றுநோய்க் கலங்கள் பற்றி ஒரு கைநூல் எழுதுகிறேன். இயல்பான கலம் பக்கத்துக் கலத்தில் முட்டினால் நின்றுவிடும், புற்றுநோய்க் கலம் நிற்காது. இந்த நிற்றலுக்கு 'தொடுகை நிரோதம்' என்று போட்டிருக்கிறேன். நொதி நிரோதி ஏற்கெனவே படித்த சொல்தானே. புதிதாகக் குருதிக்கலன் உண்டாவதற்கும், நோய் வேறு உறுப்புக்குப் போவதற்கும் சொல் தேவை.

ஜெயந்தி, தெஹிவளை:
தம்பி, தலைப்பைப் பார்த்ததும் நோயாளியைத் தொடவிடாமல் தடுப்பது என்றுதான் விளங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்த பிறகு, தொற்றாது என்று டொக்டர் சொல்லியும் வீட்டில் அவவின் கோப்பையைத் தனியே வைத்தார்கள். இனி இந்தச் சொல்லையும் காட்டி ஏதாவது சொல்லப்போகிறார்கள். 'தொடுகை' வேண்டாமே.

சிவானந்தன், பம்பலப்பிட்டி:
ஜெயந்தி சொல்வது இந்தக் கேள்விக்கு வெளியே என்றாலும் நியாயம். எனக்கு உறுத்துவது வேறு. ஒரே பெயருக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. 1950களில் லண்டனில் அபர்குரோம்பியும் ஹேஸ்மனும் கோழிக்குஞ்சு இதயத்தின் நார்க்கலங்களைக் கண்ணாடியில் வளர்த்துப் பார்த்தார்கள். ஊர்ந்து வரும் கலத்தின் முன்விளிம்பு ஓயாமல் நெளியும். இன்னொரு கலத்தில் பட்டதும் பட்ட இடத்தில் நெளிவு அடங்கும். கலம் வேறு பக்கம் திரும்பும், மேலே ஏறாது. அவர்கள் கண்டது நகர்வு நிற்பதை. பிரிவு நிற்பது வேறு கதை. சுண்டெலி முளையக் கலங்கள் கிண்ணத்தின் அடியை ஒரே படையாக நிரப்பியதும் பிரிவதை விட்டுவிடும். கட்டி உண்டாக்கும் வைரசு தொற்றியவை அதன் மேலும் குவியல் குவியலாக ஏறும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

ரிஸ்வான், கொள்ளுப்பிட்டி:
சேர், நான் ஆய்வுகூடத்தில் கலம் வளர்ப்பவன். பிரிவு நிற்பது சாப்பாடு போதாததால்தான். கிண்ணம் நிறைந்த பிறகு வளர்ப்பு ஊடகத்தில் சீரத்தைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் பிரிகிறது. தொட்டதும் நிற்கிறது என்றால் இது எப்படி? 'அடர்த்தித் தடை' என்று வைத்தால் முடிந்தது.

சிவானந்தன்:
சீரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நிறைந்த கிண்ணத்தில் பிப்பெற்று நுனியால் ஒரு கோடு கீறிப் பாருங்கள். ஊடகத்தை மாற்ற வேண்டாம். கோட்டின் இரு கரையிலும் உள்ள கலங்கள் வெற்றிடத்துக்குள் நகரும், பிரியும். தள்ளி நிற்பவை அப்படியே இருக்கும். எல்லாமே ஒரே ஊடகத்தில் கிடக்க, கரையில் உள்ளவைக்கு மட்டும் சாப்பாடு எங்கிருந்து வந்தது? சாயமிட்டுப் பார்த்தால் யாப் என்ற புரதம் கரைக் கலங்களின் கருவுக்குள் தெரியும். அது உள்ளே இருந்தால் பிரிவுக்கான பரம்பரையலகுகள் இயங்கும். நெரிசலில் நிற்கும் கலங்களில் அந்தப் புரதத்தின் பெரும்பகுதி கருவுக்கு வெளியே கிடக்கும். பல புற்றுநோய்க் கலங்களில் நெரிசலிலும் அது கருவை விட்டு வெளியேறுவதில்லை.

ரிஸ்வான்:
கரையோரத்தில் ஊடகம் நன்றாகக் கலக்கும் சேர், சீரத்துக் காரணிகள் அங்கே கூடச் சேரும். 1970களிலேயே ஸ்டோக்கர் இதைக் காட்டியிருக்கிறார்.

சிவானந்தன்:
அதுவும் ஒரு பங்கு, மறுக்கவில்லை. முழுக் காரணம் என்றால் ஏற்கமாட்டேன்.

நிலானி, மகரகம:
நான் நோயியல் பிரிவில் வேலை செய்கிறேன். ஏறிக் குவிவதைப் பரவுவதோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். தசைத்துண்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது மேலணிக் கலங்கள் ஒழுங்கு கெட்டு அடுக்கடுக்காக நிற்கும், ஆனால் கீழே அவற்றைத் தாங்கும் அடிமென்சவ்வு அறாமல் இருக்கும். அது இன்னும் ஊடுருவாத நிலை. அடிமென்சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கிய கலத்தைக் கண்டால்தான் அறிக்கையில் ஊடுருவல் என்று எழுதுவோம். பரவுவதற்கு 'மாற்றிடம் புகல்' இருக்கிறதே, அதையே வையுங்கள்.

குருதிக்கலனுக்கு 'கலன் முளைப்பு' என்று சொல்லலாம். பெரும்பாலும் இருக்கிற கலனிலிருந்துதான் புதியது கிளைக்கிறது. குருதிக்கலனிலிருந்து 0.1, 0.2 மில்லிமீற்றருக்கு அப்பால் ஒட்சிசன் போதாது. அதனால் சொந்தக் கலன் இல்லாத கட்டி 1, 2 மில்லிமீற்றரோடு தேங்கிவிடும். காயம் ஆறும்போதும் கலன் முளைக்கும், ஆனால் ஆறியதும் அடங்கிவிடும். கட்டியில் அடங்காது, முளைப்பவையும் கோணல்மாணலாக, கசிந்துகொண்டே இருக்கும்.

துவாரகன்:
நன்றி அக்கா, அந்த இரண்டு சொல்லையும் எடுத்துக்கொள்கிறேன். சேர், நகர்வுக்கு 'அயற்கல நகர்வுத் தடை' சரியா? பிரிவுக்கு 'நெருக்கப் பிரிவுத் தடை' என்று யோசிக்கிறேன். நெருக்கம் என்றால் கிட்ட இருப்பதும் ஆகும், நெரிசலும் ஆகும். ஜெயந்தி அக்காவின் பயமும் இல்லை.

சிவானந்தன்:
நகர்வுக்குச் சரி. மற்றது மழுப்பல் சொல். ஆனால் விஷயமே இன்னும் இழுபறியில் இருக்கும்போது சொல் மட்டும் முந்திக்கொண்டு முடிவு சொல்லவேண்டாம். போடுங்கள்.

ரிஸ்வான்:
என் 'அடர்த்தி'யை அடிக்குறிப்பிலாவது போடுங்கள். அப்புறம், 'தடை' என்று எழுதுகிற பிள்ளைக்குப் பரீட்சையில் புள்ளி வெட்டமாட்டார்களா? பாடநூலில் இருப்பது 'நிரோதம்'.