புதுப்பிப்பு: கண்டாங்கிச் சேலைக் கணக்கு

நான் முன்பு கேட்டது: “காரைக்குடியில் ஆச்சி கடை. 800 ரூபாய்ச் சேலையில் 25 சதவீதம் ஏற்றி 1000-க்கு விற்கிறோம், கடைச் செலவு விற்பனையில் 22 சதவீதம்தான், அப்புறம் ஏன் கையைக் கடிக்கிறது?”

ஜவுளிக் கணக்கு எழுதிப் பழகிய ஒரு அண்ணன்தான் பிடித்தார். 25 சதவீதம் கொள்முதல் மேல் ஏற்றும் மார்க்கப், ஆனால் வாடகை, சம்பளத்தை விற்பனையை வைத்துக் கணக்கிடுகிறோம், அப்படியானால் லாபத்தையும் விற்பனையோடுதான் ஒப்பிட வேண்டும். 1000-த்தில் 200 என்றால் மார்ஜின் 20 சதவீதம், செலவோ 220, சேலைக்கு 20 ரூபாய் கைநஷ்டம்.

“30 ஏத்துங்க, சரியாப் போயிடும்” என்றார் இன்னொருவர். 1040-க்கு விற்றால் மார்ஜின் 23 சதவீதம், நஷ்டம் நிற்கும், அவ்வளவுதான், ஆச்சி கேட்கும் 25 சதவீத மார்ஜின் வராது. அதற்கு 800-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 1067 ரூபாய், அதாவது கொள்முதல் மேல் மூன்றில் ஒரு பங்கு.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டவருக்கு: இதெல்லாம் வரி சேர்க்காத விலை.

இதில் தள்ளுபடிதான் பெரிய ஓட்டை. 25 ஏற்றிய பொருளுக்குத் தீபாவளிக்கு 20 சதவீதம் குறைத்தால் 1000 நேராக 800-க்கு வந்துவிடும், கொள்முதல் விலைக்கே கொடுத்த மாதிரி. ஆச்சியோ “அஞ்சு மிச்சம் இருக்குல்ல” என்கிறார்.

விலையை மாற்றுவது இன்னும் இழுபறி. எதிர்க்கடையில் அதே சேலை 1000-தான்.