நாலு திரை ப்ளான், ஆனால் டிவி திறக்கவில்லை

கீதா, வேளச்சேரி
நெட்ஃபிளிக்ஸ் கணக்கு அப்பாவுடையது, நாலு திரை ப்ளான். அப்பா அம்மா தென்காசியில், நானும் தங்கையும் இங்கே. போன ஞாயிறு எங்கள் டிவியில் போட்டால், இந்த டிவி கணக்குக்குரிய வீட்டைச் சேர்ந்தது இல்லை என்று வந்தது. தற்காலிகமாகப் பார்க்கக் கோடு நம்பர் கேட்டேன். அது அப்பா போனுக்குப் போனது. அவரோ திருநெல்வேலி பஸ்ஸில். "ஏழு... அப்புறம் ரெண்டும்மா... கேக்குதா?" அதோடு லைன் கட். மறுபடி பிடிப்பதற்குள் 15 நிமிடம் ஓடி, கோடு காலாவதி. அன்று ஊரில் யாரும் டிவியே போடவில்லை. நாலு திரைக்குக் காசு கட்டியும் ஒன்றுகூட ஏன் திறக்கவில்லை?

முருகேசன்
யாரோ பழைய போனில் ஓடவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மச்சினன் மகன் அப்படித்தான் செய்தான், கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று வந்தது. எல்லாச் சாதனங்களிலும் லாக்அவுட் கொடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். டிவியைப் பத்து நிமிடம் அணைத்தும் வையுங்கள்.

ரஹீம்
முருகேசன் அண்ணா, உங்களுக்கு வந்தது திரை எண்ணிக்கைச் சிக்கல். அதற்கு லாக்அவுட் சரிதான். கீதாவுக்கு வந்த செய்தியே வேறு. நெட்ஃபிளிக்ஸில் 499 ரூபாய் ப்ளானில் ஒரே நேரத்தில் 2 திரை, 649-இல் 4. இது எத்தனை பேர் என்ற கணக்கு. எந்த வீடு என்பது வேறு விதி, இந்தியாவில் 2023 ஜூலையில் வந்தது. வீட்டு டிவி எந்த இணைய இணைப்பில் இருக்கிறதோ, அதே இணைப்பில் ஓடும் சாதனங்கள்தான் அந்த வீடு. ஜிபிஎஸ் பார்ப்பதில்லை, ஐபி முகவரி, சாதன அடையாளம், கணக்கின் நடமாட்டம் இவற்றை வைத்தே தீர்மானிக்கிறார்கள். நாலு திரையும் அந்த ஒரு வீட்டுக்குள்தான்.

இன்னொன்று, சென்னை டிவியையே வீடு என்று மாற்றிவிடாதீர்கள். அப்புறம் தென்காசி டிவி வெளியே போய்விடும். கோடு பயணத்தில் இருப்பவர்களுக்கானது. நிரந்தரமாக வேறு வீடு என்றால் தனிக் கணக்குதான் வழி. உங்கள் ப்ரொஃபைலை அதற்கு மாற்றிக்கொள்ளலாம், பார்த்த வரலாறு போகாது.

செல்வி
எங்களுக்கு ஒரே வீடுதான். ஹாலில் ஃபைபர், மாடி டிவிக்கு மட்டும் போன் ஹாட்ஸ்பாட். மாடியில் அதே செய்தி! கீழே இருந்து வைஃபை இழுத்த பிறகு நின்றது.

கீதா
ரஹீம் அண்ணா, தங்கை மாதாமாதம் ஊருக்குப் போய் வீட்டு வைஃபையில்தான் போனில் பார்க்கிறாள். அவள் போன் இங்கேயும் ஓடுகிறது, டிவி மட்டும்தான் தடுக்கிறது. அப்படியென்றால் அவளை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?