CRS-க்குத் தமிழ்ச்சொல்: "மேற்கோள்" வேண்டாமே

கயல்: ஓர் இடத்தின் எண்கள் எந்த அளவுமுறையில் எழுதப்பட்டவை என்று சொல்வதுதான் CRS. QGIS வரைபட மென்பொருளின் தமிழாக்க வரைவில் அதற்கு "ஆயத்தொலை மேற்கோள் அமைப்பு" என்று எழுதியிருந்தேன். படித்தால் திருக்குறள் மேற்கோள்தான் நினைவுக்கு வருகிறது. "ஆயச் சட்டகம்" என்று மாற்றலாமா? EPSG:4326 போன்றவை "சட்டக எண்".

மூர்த்தி: பெயர் எதுவானாலும் சரி, எனக்கு வேலை ஆகவேண்டும். நாமக்கல் பக்கம் ஓர் ஏரிக்கரையை ஜிபிஎஸ்ஸோடு சுற்றி நடந்து பதிவு செய்தேன். `area($geometry)` கொடுத்தால் 0.000033 என்கிறது. சட்டக எண்ணை 32644 என்று மாற்றினேன். ஏரியையே காணோம்! தேடிப் பார்த்தால் கன்னியாகுமரிக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுக் கடலில் ஒரு புள்ளியாகக் கிடக்கிறது.

ராஜன்: 3857 போடுங்கள். அதுவும் மீட்டர்தான், உலகம் முழுக்கச் செல்லும்.

வாசுகி: மீட்டர்தான் ராஜன், ஆனால் நீட்டப்பட்ட மீட்டர். நாமக்கல் அகலாங்கில் பரப்பளவு 4 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். வலைப் படத்தின் பின்னணிக்குப் போதும், ஏரியை அளக்க ஆகாது.

மூர்த்தி, எண்ணைச் சரியாகத்தான் எடுத்தீர்கள். யுடிஎம் என்பது உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் முறை. 32644-இல் 326 என்பது யுடிஎம் வடகோளம், கடைசி 44 மண்டலம். நாமக்கல்லின் நெட்டாங்கு 78.17 பாகை:

```
int((78.17 + 180) / 6) + 1 = 44
```

கோயம்புத்தூர் என்றால் 43 வரும். தமிழ்நாடே 78 பாகையில் இரண்டாகப் பிரிகிறது.

பிழை வேறிடத்தில். ஜிபிஎஸ் தந்தது பாகை, அதாவது 4326. நீங்கள் `Set Layer CRS` கொடுத்ததால் எண்கள் மாறவில்லை, பெயர்ப்பலகை மட்டும் மாறியது. 78.17 பாகை 78.17 மீட்டராகிவிட்டது. முதலில் அதே `Set Layer CRS` கொடுத்து 4326-க்குத் திருப்புங்கள். அப்புறம் `Reproject Layer` கொடுத்து 32644 கேளுங்கள். அடுக்கின் சட்டகம் எது என்று மென்பொருள் கேட்கும்போது "எனக்கு எது வேண்டும்" என்று யோசிக்கக் கூடாது, "இந்த எண்கள் எதில் எழுதப்பட்டவை" என்று யோசிக்கவேண்டும்.

தர்சன்: யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்கு இது ஆள்கூறு, ஆயம் என்றால் வேறு ஏதோ போல இருக்கிறது. எண் பற்றி என் கதை: இலங்கையின் பழைய Kandawala நில அளவைக் கட்டத்தில் இருந்த கிணறுகளுக்கு 5235 கொடுத்துவிட்டேன். அது 1999-இல் வந்த புதிய கட்டம், சரியானது 5234. பழையதில் தொடக்கத்துக்கு 2,00,000 மீட்டர் கூட்டுவார்கள், புதியதில் 5,00,000. கிணறெல்லாம் தெற்கே 300, மேற்கே 300 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள். இவ்வளவு தள்ளிப் போனதால் கண்டுபிடித்தேன், நூறு மீட்டர் என்றால் கவனித்திருக்கமாட்டேன்.

வாசுகி: கயல், அப்படியானால் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்தான் அவசரம். `Set`-க்கும் `Reproject`-க்கும் "மாற்று" என்றே வைத்தால் மூர்த்தியின் ஏரி மறுபடியும் கடலுக்குப் போகும். "சட்டகம் குறி", "சட்டகம் பெயர்" என்றால்?

ராஜன்: "பெயர்" என்றால் name என்றுதான் படிப்பேன்.

கயல்: சரி, "குறி", "உருமாற்று". ஆயமா ஆள்கூறா என்பதற்கு இன்னும் இரண்டு நாள் காத்திருக்கிறேன்.

மூர்த்தி: 39.6 ஹெக்டேர் வந்தது. ஆர்வத்தில் 3857-இலும் பார்த்தேன், 41-ஐத் தாண்டியது.