புள்ளி மட்டும் தள்ளி நிற்கும் டைப்ரைட்டர்: காரைக்குடி படத்தில் பார்த்தது

பழைய இரும்பு

காரைக்குடியில் ஒரு ஐயாவுக்கு எண்பது வயது நிறைவு. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி போட்ட படத்தில் அவருக்குப் பின்னால் மேஜையில் ஒரு சின்ன டைப்ரைட்டர். எல்லோரும் மாலையைப் பார்த்தார்கள், நான் மிஷினைப் பார்த்தேன். தாள் சாயும் தகட்டில் பெயர் உதிர்ந்து, ஆங்கில ஓவும் யூவும் மட்டும் மிச்சம். நாலு வரிசைக் கீ, வளையம் போட்ட கண்ணாடித் தொப்பி, அதற்குள் தமிழ் எழுத்து. கையில் தூக்கிப் போகிற அளவு. ஓ, யூ என்று முடிகிற பெயர், பிஜோ என்று தோன்றியது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் நவுமான் ஆலை எரிகா என்ற பெயரில் செய்ததே வெளிநாட்டுக்கு பிஜோ என்று போனது.

ரோலரில் பாதி அடித்த தாள் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். 'வி', 'தி' எல்லாம் ஒழுங்காக விழுந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் எழுத்தின் தலைக்கு நேரே இல்லாமல் இடப்பக்கம் அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஒன்றிரண்டு அல்ல, தாள் முழுக்க ஒரே அளவில். கை தவறினால் இப்படி வராது.

பேத்தியிடம் அனுமதி வாங்கி நேரில் போனேன். ஐயா தாள் செருகி 'பக்கம்' என்று அடித்துக் காட்டினார். ப அடித்தார். புள்ளிக் கீயைத் தட்டினார், தாளைப் பிடித்திருக்கும் கேரேஜ் ஒரு இடம் நகர்ந்தது. பேக்ஸ்பேஸ். அதன் மேல் க. பிறகு இன்னொரு க. கடைசியில் மறுபடி புள்ளி, பேக்ஸ்பேஸ், ம. நிறுத்தி யோசிக்கவே இல்லை, விரல் தானாகப் போகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் அடித்திருக்கிறார். மலேயாவில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த மிஷினாம். இவர் கைக்கு வரும்போதே புள்ளி இப்படித்தான் இருந்ததாம்.

இது டிரெஸ்டனில் தமிழுக்கென்றே செய்த மிஷினா, இங்கிலீஷ் மிஷினில் பிறகு தமிழ் அச்சு ஒட்டியதா? அந்தப் புள்ளிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கல்லல் சேகர்

சார், சந்தேகமே வேண்டாம். பிஜோ என்றாலே முத்தையா மிஷின்தான். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் 1886ல் பிறந்து மலேயா, சிங்கப்பூர் பக்கம் போய் தமிழ்த் தட்டச்சுக்குக் கீ வரிசை அமைத்த ஆர். முத்தையா, சைடல் நவுமானில்தான் செய்யச் சொன்னார். மலேயாவிலிருந்து வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். முதல் சரக்கில் வந்ததாகவே இருக்கும். அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது.

இன்னொரு வழியும் உண்டு. பழைய 'லை', 'னை' துதிக்கையோடு விழுகிறதா பாருங்கள். விழுந்தால் 1978க்கு முந்தியது. விழாவிட்டால் பிந்தியது.

யளனக டீச்சர்

சேகர் தம்பி, முத்தையாவைப் பற்றிச் சொன்னது சரி. மற்றதை ஒப்புக்கொள்ள முடியாது. 1978ல் தமிழ்நாட்டு அரசு ஆணை மாற்றியது 13 எழுத்துகளை: ணா றா னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை லை ளை னை. துதிக்கை விழுந்தால் அந்த அச்சு பழையது என்று சொல்லலாம். விழாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. டைப்ரைட்டரில் ஒரு கீக்கு இரண்டு எழுத்துக்குத்தான் இடம், அதனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற நெருக்கடி ஆணைக்கு முன்பே இருந்தது. அச்சை மாற்றி ஒட்டவும் முடியும். ஆணை வந்த வருஷத்தை வைத்து மிஷினுக்கு வயது போடாதீர்கள்.

பழைய இரும்பு அவர்களுக்கு: நகரா விசையில் முதலில் குறி, பிறகு எழுத்து. ';' இருக்கும் இடத்தில் புள்ளி, வலது சுண்டு விரல். அதைத் தட்டினால் கேரேஜ் நிற்க வேண்டும், அடுத்து க தட்டும்போது இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து நகர வேண்டும். விசிறிக் குறியான 'ி'யும் அப்படியே. 'டி'க்கு மட்டும் தனிக் கீ உண்டு, ட மேல் அந்தக் குறி ஒட்டாது. ஐயாவிடம் பேக்ஸ்பேஸ் தொடாமல் ஒரு வரி அடிக்கச் சொல்லுங்கள்: கி தி வி டி, பிறகு க் த் வ் ட். முதல் நாலும் சரியாக வந்து, பின் நாலில் புள்ளி தனியாகப் பிரிந்து நின்றால், கோளாறு புள்ளி அச்சைத் தாங்கும் கம்பியான டைப்பாரில் மட்டும்தான். டி தவிர எல்லாமே பிரிந்தால் கோளாறு கேரேஜ் பக்கம்.

ராமநாதன் தேவகோட்டை

எங்கள் வீட்டு கோத்ரெஜிலும் புள்ளி சரியாக விழாது. ரிப்பன் காய்ந்துவிட்டது. அரை அங்குல ரிப்பன் மாற்றினோம், சரியாகிவிட்டது. ஐயாவிடமும் ரிப்பன் மாற்றச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கணும், இது என்ன விலைக்குப் போகும்?

மெக்கானிக் பாய்

ராமநாதன் அண்ணே, ரிப்பன் காய்ந்தால் எழுத்து மங்கும், இடம் மாறாது. இங்கே மை நல்லா விழுது, இடம்தான் தப்பு.

இப்ப விஷயம். இந்த மாதிரிச் சின்ன மிஷின்ல கீயைத் தட்டினா டைப்பார் எழும்பி, தாளைத் தொடுறதுக்கு முன்னாடி அதன் குதிங்கால் ஒரு வளைஞ்ச தகட்டைத் தள்ளும். அந்தத் தகடுதான் கேரேஜை ஒரு பல் விடும். நகரா விசைக்கு வேற இயந்திரம் கிடையாது. அந்த டைப்பாரில், தகட்டைத் தொடுற இடத்துல ஒரு வெட்டு இருக்கும், அவ்வளவுதான். வெட்டு இருந்தா தகட்டைத் தொடாது, கேரேஜ் நிக்கும்.

ஐயா மிஷின்ல 'ி' நிக்குது, புள்ளி ஓடுது. அப்ப 'ி' பார்ல வெட்டு இருக்கு, புள்ளி பார்ல இல்ல. தமிழுக்குச் செய்த மிஷின்ல புள்ளிக்கு வெட்டு போட மறக்க வாய்ப்பே இல்ல, தமிழ்ல அதிகம் தட்டுற கீகள்ல அதுவும் ஒண்ணு. அதனாலேயே அந்த பார் சீக்கிரம் போகும். எங்கேயோ ஒரு காலத்துல அது உடைஞ்சிருக்கு. ரிப்பேர் பண்ணினவர் கழிச்சுப் போட்ட இங்கிலீஷ் மிஷின்லேர்ந்து ஒரு பாரை எடுத்து, புள்ளி அச்சை ஈயம் வச்சு ஒட்டியிருக்கார். வெட்டு போடல. என் கணக்கு இது.

தள்ளி விழுறதுக்குக் காரணம் பேக்ஸ்பேஸ். தேய்ஞ்சு போனா கேரேஜை முழுப் பல்லுக்குக் கொண்டுவராம ஒரு மயிரிழை குறைச்சு நிறுத்தும். எழுத்து வலப்பக்கம் விழும், புள்ளி இடப்பக்கம் நிக்கிற மாதிரித் தெரியும்.

தயவுசெஞ்சு எண்ணெய் விடாதீங்க. தேங்காய் எண்ணெய் விட்டு டைப்பார் எல்லாம் பிசின் பிடிச்ச மிஷின் நிறைய வருது. பார் உட்காருற பிளவுகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் பெட்ரோல் தொட்டுத் தேய்க்கணும். திறந்த வெளியில, அடுப்பும் விளக்கும் பக்கத்துல இல்லாம, ரோலர் ரப்பர்ல படாம துணி போட்டு மூடிட்டு. காய்ஞ்சதும் பாரை மெதுவா தூக்கி விட்டா தானே விழணும். விழலன்னா மறுபடி தேய்க்கணும். தையல் மிஷின் எண்ணெய் கேரேஜ் ஓடுற தண்டவாளத்துக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒரு சொட்டு. பிளவுக்குள்ள ஒரு சொட்டும் கூடாது, தூசியைப் பிடிச்சு வச்சுக்கும்.

பழைய இரும்பு

பாய், நீங்கள் சொன்னால் மிஷின் தமிழுக்கே பிறந்தது என்று ஆகிறது. ஆனால் மாற்றி யோசித்தாலும் பொருந்துகிறதே. இங்கிலீஷ் மிஷினைத் தமிழாக்கியவர் 'ி'க்கு அரத்தால் வெட்டுப் போட்டு, புள்ளிக்குப் போடாமல் விட்டிருக்கலாம் இல்லையா? கீத் தொப்பியை நம்ப முடியாது. கண்ணாடிக்குக் கீழே இருப்பது வட்டத் தாள், வளையத்தைக் கழற்றினால் மாற்றிவிடலாம். உடலில் குத்திய எண்ணும் உடல் செய்த காலத்தைத்தான் சொல்லும், தமிழ் அச்சு எப்போது வந்தது என்று சொல்லாது.

மெக்கானிக் பாய்

சரியான கேள்வி. அதுக்கு 'ி' பாரைத்தான் பார்க்கணும். ஆலையில வெட்டிட்டுத்தான் நிக்கல் பூச்சு கொடுப்பாங்க. வெட்டோட உள் ஓரமும் பளபளன்னு பூச்சோட இருந்தா ஆலை வெட்டு. பிறகு யாராவது அராவியிருந்தா அந்த இடத்துல பூச்சு போய், வெறும் இரும்பு கறுத்தோ துரு ஏறியோ இருக்கும், அரத்தோட கீறலும் தெரியும். பக்கவாட்டுல டார்ச் அடிச்சு, போனை நெருக்கி ஒரு படம் எடுங்க.

அப்படியே ஈயத்தையும் பாருங்க. எல்லா அச்சும் ஒரே மாதிரி மெல்லிசா ஒட்டியிருந்து புள்ளி மட்டும் உருண்டையா ஈயம் வழிஞ்சிருந்தா, அது ஒண்ணுதான் மாத்தினது. வரிசை முழுக்க வழிஞ்சிருந்தா தமிழாக்கின மிஷின்.

சரி பண்ணணும்னா: புள்ளி பார்ல மெழுகுவத்திக் கரி பூசி, கீயை மெதுவா அழுத்தி விடுங்க. தகடு தொட்ட இடத்துல கரி அழிஞ்சிருக்கும். 'ி' பாரோட வெட்டு எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்கு அங்கே அராவணும். ஆனா மிஷின்லயே வச்சு அராவாதீங்க, இரும்புத் தூள் பிளவுக்குள்ள போயிடும். பாரைக் கழட்டணும்னா எல்லா பாரையும் கோத்திருக்கிற வளைஞ்ச கம்பியை உருவணும். பழைய கம்பி பாதியில முறிஞ்சா அவ்வளவு பாரும் கைக்கு வந்துடும். செய்தவங்க மட்டும் செய்யட்டும்.

கல்லல் சேகர்

பூச்சு இருந்தால் முத்தையா மிஷின் என்று எடுத்துக்கொள்ளலாமா?

யளனக டீச்சர்

தமிழுக்கென்று ஆலையில் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் சரக்கா, பிந்தியதா என்பது வேறு கேள்வி. அதற்கு விற்ற ரசீதோ பெட்டிக்குள் ஒட்டிய சீட்டோ வேண்டும்.

பழைய இரும்பு

இன்று மறுபடி போனேன். 'ி' பார் வெட்டின் உள் ஓரம் முக்கால்வாசி பூச்சோடு இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் கறுப்பு. தேய்ந்ததா, அராவியதா என்று படத்தை வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பாய்க்கு அனுப்பியிருக்கிறேன். புள்ளியில் ஈயம் உருண்டையாகத்தான் இருக்கிறது, மற்ற அச்சுகள் மெல்லிசு. பெட்டிக்குள் சீட்டு எதுவும் இல்லை, பசை ஒட்டியிருந்த சதுரத் தடம் மட்டும்.

விலை கேட்டவருக்கு: ஐயா விற்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புள்ளியைச் சரிசெய்து தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். பேத்தி சரி என்றார். ஐயா புள்ளிக் கீ மேல் சுண்டு விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "வேண்டாம் தம்பி. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னா கேரேஜ் நிக்கும், ஆனா என் விரல் பேக்ஸ்பேஸுக்குப் போயிடும். புள்ளி வைக்கிற ஒவ்வொரு எழுத்தும் முந்தின எழுத்து மேல போய் உட்காரும்."

மெக்கானிக் பாய்

அவர் சொல்றது சரி. இப்போதைக்கு அந்த பாரைத் தொடாதீங்க. பேக்ஸ்பேஸை மட்டும் முழுப் பல்லுக்கு வர்ற மாதிரி சரி பண்ணிட்டா, அவர் பழக்கத்துலயே புள்ளி நேரா விழும். கறுப்பு மூலைக்கு இன்னும் நெருக்கமா ஒரு படம் வேணும், இந்தப் படத்துல வெளிச்சம் நேரா அடிச்சிருக்கு.