புதுப்பிப்பு: ஃப்ளூட்டட் பேனலில் பாதி வரி, புள்ளியாகத் தெரியும் மறைவிளக்கு

முன்பு கேட்டது: "டிவி சுவரில் நெடுக்கு வரிகள் கொண்ட ஃப்ளூட்டட் பேனல் பொருத்தினால் வலது ஓரத்தில் பாதி வரி மிஞ்சுகிறது, மறைவிளக்கும் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?"

யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. சுவரை விட்டு வரியின் அகலத்திலிருந்து கணக்கைத் தொடங்கச் சொன்ன தச்சரின் வழியே பலித்தது: தூண்களுக்கு இடையிலான 2400 மி.மீ. இடத்தில் 28 மி.மீ. வரிகள் 85 முழுதாக அமைந்து 2380 மி.மீ. ஆனதால், மீதியை இரு ஓரங்களிலும் 10 மி.மீ. வீதம் விட்டு, விளக்கைப் பின்சட்டத்தின் விளிம்பில் ஒட்டினோம்.

பால்நிற மூடி போட்டாலே போதும் என்றவர் சொன்னது பாதிதான் சரி. அந்த ஓர இடைவெளி குறுகலாக இருந்ததால் புள்ளிகள் மங்கினவே தவிர மறையவில்லை, எல்இடி சில்லுகள் நெருக்கமாக அமைந்த சிஓபி பட்டைக்கு மாற்றிய பிறகுதான் ஒரே கோடாக ஒளிர்ந்தது. பூஜை அறைக் கதவுக்கும் இதே கணக்கு வருமா என்று கேட்டவருக்கு: நான் செய்து பார்க்கவில்லை.

எதிர்பாராதது, தூணை உரசி விழும் வெளிச்சத்தில் அதில் பூசிய பட்டியின் மேடுபள்ளம் அப்பட்டமாகத் தெரிந்ததுதான். மறுபடி தேய்த்து மேட் பெயிண்ட் அடித்தும் இடது தூணில் ஓரிடத்தில் இன்னும் லேசாகத் தெரிகிறது.