42,920-இல் ஒரு பீக்: டைமரா, கணக்கின் நிழலா?

குளிரறை

போன மாதம் எங்கள் லேபில் நடந்தது. புரதங்களின் எடையை மாஸ் ஸ்பெக்கில் பார்ப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஈ. கோலையில் எடுத்துச் சுத்தம் செய்த ஒரு சின்னப் புரதம். அமினோ அமில வரிசையை வைத்துக் கணக்கிட்டால் 21,591 டால்டன் வர வேண்டும். ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் வைத்து எல்சி-எம்எஸ்ஸில் ஓட்டினோம். ஸ்பெக்ட்ரம் நன்றாகவே வந்தது. எடையைச் சார்ஜால் வகுத்த m/z அளவில் 850-லிருந்து 1,080 வரை சீப்புப் பல் போல வரிசையாகப் பீக்குகள், வலது பக்கம் போகப் போக இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போகும். ஒவ்வொரு பீக்கும் அதே புரதம்தான், ஏறியிருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டும் வேறு.

இந்தப் பீக்குகளிலிருந்து புரதத்தின் எடையைக் கணக்கிடும் டீகான்வல்யூஷனில் எடை வீச்சு 15,000 முதல் 50,000 வரை என்று இருந்தது. யாரோ முன்னால் வைத்துவிட்டுப் போன அமைப்பு. அப்படியே விட்டுவிட்டு ஓட்டினேன். இரண்டு எடைகள் வந்தன. 21,460-இல் உயரமாக ஒன்று, 42,920-இல் அதில் எட்டில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொன்று.

முதலாவது உடனே புரிந்தது. 21,591-இல் 131 குறைகிறது, அதாவது முன்முனை மெத்தியோனைன் வெட்டுப்பட்டுவிட்டது. பாக்டீரியாவில் எடுக்கும் புரதங்களில் இது சகஜம். இரண்டாவதைப் பார்த்ததும் டைமர் என்று முடிவு கட்டிவிட்டேன். புரதத்தில் ஒரே ஒரு சிஸ்டீன் இருக்கிறது, இரண்டு மூலக்கூறுகள் அதன் வழியாகக் கைகோத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வாராந்திரக் கூட்டத்தில் படத்தைப் போட்டேன். எங்கள் கைடுக்கும் சந்தோஷம்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த டைமருக்கு மட்டுமே சொந்தமான பீக் ஒண்ணை ரா ஸ்பெக்ட்ரத்துல காட்டு, பார்க்கலாம்." என்னால் காட்ட முடியவில்லை. அன்று மாலை உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டேன். பக்கத்துப் பக்கத்துப் பீக்குகள் இரண்டு, 976.46 மற்றும் 934.05.

```
n = (m2 - 1.007) / (m1 - m2)
  = (934.05 - 1.007) / (976.46 - 934.05)
  = 933.043 / 42.41 = 22.0
M = n × (m1 - 1.007) = 22 × 975.453 = 21,460
```

976.46 என்பது 22 சார்ஜ். 934.05-க்கு 23 வைத்தாலும், அடுத்த 895.17-க்கு 24 வைத்தாலும் அதே 21,460 வருகிறது. சரி, இப்போது 42,920-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எடையும் இரட்டை, சார்ஜும் இரட்டை என்றால் 44 சார்ஜ் உள்ள டைமரும் 976.46-இல்தான் விழும். 46 சார்ஜ் 934.05-இல் விழும். அதாவது இரட்டைப்படை சார்ஜ் எல்லாம் மோனோமரின் பீக்குகள் மேலேயே போய் உட்காரும். டைமருக்கென்று தனியாக வரக்கூடியவை ஒற்றைப்படை சார்ஜ் பீக்குகள் மட்டுமே. 45 சார்ஜ் 954.78-இல் வந்திருக்க வேண்டும். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அடித்தள இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. 999.15-இலும் இல்லை, 914.20-இலும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தப் படத்தை நானே எடுத்துவிட்டேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மால்டி_மாணவன்

எனக்கும் இதே பிரச்சினைதான். மால்டியில் ஓட்டும்போது பாதி எடையில் ஒரு பீக், இரட்டை எடையில் ஒரு பீக் எப்போதும் வருகிறது. லேசர் சக்தியைக் குறைத்தால் இரட்டைப் பீக் கொஞ்சம் அடங்கும். நீங்களும் லேசரைக் குறைத்துப் பாருங்களேன்.

பழைய_டெக்னீஷியன்

தம்பி, நீங்கள் பார்ப்பது வேறு. மால்டியில் பாதி இடத்தில் வருவது இரண்டு சார்ஜ் ஏறிய அதே புரதம். இரட்டை இடத்தில் வருவது, அயனியாகும்போது இரண்டு ஒட்டிக்கொண்டு ஒரே சார்ஜுடன் பறப்பது. இரண்டுமே டிடெக்டரில் நிஜமாக வந்து விழுந்தவை. குளிரறை சொல்லும் 42,920 டிடெக்டரில் விழவே இல்லை, மென்பொருள் கணக்குப் போட்டபோது பிறந்தது. லேசரோ மின்னழுத்தமோ குறைத்து அதைப் போக்க முடியாது.

அது ஏன் பிறக்கிறது என்று சொல்கிறேன். 1989-இல் மான், மெங், ஃபென் மூவரும் எழுதிய கட்டுரையில் உள்ள யோசனை எளிமையானது. ஓர் எடையை ஊகித்துக்கொள். அந்த எடைக்கு ஒவ்வொரு சார்ஜிலும் பீக் எங்கே விழ வேண்டுமோ அங்கெல்லாம் உள்ள சிக்னலைக் கூட்டு. கூட்டுத்தொகை எந்த எடையில் உச்சத்துக்குப் போகிறதோ அதுவே விடை. இதில் இரட்டை எடையை ஊகித்தால் தேடும் இடங்களில் பாதி காலி, பாதியில் மோனோமரின் பீக். கூட்டினால் ஏதோ ஒரு தொகை வந்துவிடும். பாதி எடையை ஊகித்தாலும் இதே கதை. குளிரறை வீச்சைக் கீழே 8,000 வரை இறக்கி ஓட்டிப் பாருங்கள், 10,730-இலும் ஒன்று முளைக்க வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் 976.46 அதற்கு 11 சார்ஜ், 895.17 அதற்கு 12 சார்ஜ் ஆகிவிடும். நடுவில் உயரமாக நிற்கும் 934.05-க்கு மட்டும் அதனிடம் பதில் இருக்காது.

பின்னால் வந்த மென்பொருள்கள், மேக்ஸ்என்ட் மாதிரியானவை, இந்த நிழல்களை வெகுவாக அடக்கிவிடுகின்றன. ஆனாலும் சிக்னல் மெலிந்த மாதிரிகளில் அவை எட்டிப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நீர்க்கொடி

இவ்வளவு கணக்கு எதற்கு? ஒரு பீக்கைப் பெரிதாக்கி ஐசோடோப்புகளின் இடைவெளியைப் பார்த்தால் சார்ஜ் தெரிந்துவிடுமே. 22 சார்ஜ் என்றால் இடைவெளி இருபத்திரண்டில் ஒரு பங்கு. டைமர் என்றால் நாற்பத்து நாலில் ஒரு பங்கு. நான் எப்போதும் அப்படித்தான் பார்க்கிறேன். எடையையும் முதல் ஐசோடோப்புப் பீக்கிலிருந்தே எடுத்துவிடுவேன்.

பழைய_டெக்னீஷியன்

சார்ஜ் கண்டுபிடிக்க நீங்கள் சொல்வது சரியான வழி, கருவி அதற்கு இடம் கொடுத்தால். 976-இல் 22 சார்ஜ் என்றால் ஐசோடோப்பு இடைவெளி 0.046தான். அதைப் பிரித்துக் காட்டவே பிரிதிறன் 21,000-க்கு மேல் வேண்டும், தெளிவாகத் தெரிய அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். ஆர்பிட்ராப் இருந்தால் கவலை இல்லை. பழைய கியூ-டாஃபில் எல்லாம் கலந்து ஒரே மேடாகத்தான் தெரியும்.

இரண்டாவது சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். 21,000 டால்டன் புரதத்தில் கார்பன் ஆயிரத்துக்கு நெருக்கமாக இருக்கும். அத்தனையும் கார்பன்-12 ஆகவே அமைந்த மூலக்கூறு மிக மிக அரிது. கண்ணில் படும் முதல் பீக் உண்மையான முதல் பீக்காக இருக்காது. அதை மோனோஐசோடோபிக் என்று எடுத்தால் சில டால்டன் தவறிவிடும். இந்த அளவுப் புரதத்துக்குச் சராசரி எடையோடு ஒப்பிடுவதுதான் பாதுகாப்பு.

தறிக்காரி

என் அனுபவம் கொஞ்சம் வேறு. என் புரதத்திலும் எதிர்பாராத எடை ஒன்று வந்தது, ஆனால் அது கணக்கின் நிழல் இல்லை. முக்கிய எடைக்கு 178 டால்டன் மேலே, நல்ல உயரத்தில் இருந்தது. முதலில் நானும் மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டேன்.

ரா ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பெரிய பீக்குக்கும் வலது பக்கத்தில் ஒரு குட்டிப் பீக். 20 சார்ஜில் இடைவெளி 8.9, 21 சார்ஜில் 8.48, 22 சார்ஜில் 8.09. சார்ஜ் கூடக் கூட இடைவெளி சுருங்குகிறது, எந்த இடத்தில் பெருக்கிப் பார்த்தாலும் 178 வருகிறது. எல்சி குழாயிலிருந்து கழன்று வந்த அழுக்கு இப்படிக் கூடவே நடந்து வராது. அது புரதத்தின் மேலேயே ஒட்டியது என்று அப்போது உறுதியானது. தேடிப் பார்த்தபோது குளுக்கோனாய்லேஷன் என்று தெரிந்தது. ஹிஸ்-டேக் வைத்து பிஎல்21-இல் எடுக்கும் புரதங்களில் முன்முனையில் ஏற்படும் மாற்றம். லாக்டோனை உடைக்க வேண்டிய நொதி அந்த பாக்டீரியாவில் இல்லாததால் வருவது. 258 டால்டன் மேலேயும் ஒரு சின்ன மேடு இருந்தது, அது பாஸ்பேட்டோடு சேர்ந்த வடிவம்.

குளிரறை, உங்களுக்கு ஒரு யோசனை. இவ்வளவு சிரமம் எதற்கு? வீச்சை 18,000 முதல் 25,000 என்று சுருக்கிவிட்டால் இரட்டை எடை வரவே வராதே. எங்கள் லேபில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

பழைய_டெக்னீஷியன்

அதில் எனக்கு உடன்பாடு இல்லை அம்மா. வீச்சைச் சுருக்கினால் நிழலும் தெரியாது, நிஜமான டைமர் இருந்தால் அதுவும் தெரியாது. அகலமாக வைத்து ஓட்டுங்கள், வருகிற ஒவ்வொரு எடையையும் ரா ஸ்பெக்ட்ரத்தில் போய்ச் சரிபாருங்கள்.

தறிக்காரி

நாளைக்கு நாற்பது மாதிரிகள் வரும் இடத்தில் அதற்கு நேரம் எங்கே சார்? எனக்குத் தெரிந்த புரதம், எதிர்பார்த்த எடை வந்ததா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. அந்த வேலைக்குச் சுருக்குவது தவறில்லை என்றே நினைக்கிறேன்.

குளிரறை

எல்லாருக்கும் நன்றி. வீச்சை 8,000-க்கு இறக்கி ஓட்டினேன், 10,730-இல் ஒரு குட்டிப் பீக் வந்தது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. நேற்று ஒடுக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் எஸ்.டி.எஸ். ஜெல் ஓட்டினோம். 43 கிலோ டால்டன் பக்கத்தில் மங்கலாக ஒரு பட்டை. டிடிடி சேர்த்த குழியில் அது இல்லை. அப்படியானால் டைமர் கொஞ்சமாவது இருக்கிறதுதானே? அதுதான் 42,920-ஆகவும் வந்திருக்குமோ?

பழைய_டெக்னீஷியன்

ஜெல் சொல்வதை நம்பலாம். ஆனால் உங்கள் 42,920 அந்த டைமர் இல்லை என்பதற்கு இன்னொரு தடயம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. இரண்டு சிஸ்டீன்கள் சேர்ந்து டைசல்ஃபைடு ஆகும்போது இரண்டு ஹைட்ரஜன் போய்விடும். நிஜ டைமர் 42,918-இல் வர வேண்டும். உங்களுக்கு வந்தது துல்லியமாக இரண்டு மடங்கு. கருவியை அன்றே கேலிபரேட் செய்திருந்தால் இந்த இரண்டு டால்டன் வித்தியாசத்தை நம்பலாம், இல்லையென்றால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நிஜ டைமர் எல்சி குழாயிலிருந்து வேறு நேரத்தில் இறங்கியிருக்கலாம். நீங்கள் ஸ்பெக்ட்ரத்தை எந்த நிமிடங்களுக்குச் சராசரி எடுத்தீர்கள்?

குளிரறை

மோனோமர் பீக்குக்கு மட்டும்தான், அரை நிமிடம். அதற்குப் பின்னால் தோள் போல ஒரு சின்ன மேடு இருந்தது, அதை விட்டுவிட்டேன். அங்கே 954.7 பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று இன்று பார்க்கிறேன். மாதிரி தீர்ந்துவிட்டது, பழைய கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது.

நீர்க்கொடி

பார்த்ததும் அந்த இடத்தின் படத்தை இங்கே போடுங்கள். கூடவே கருவியின் பிரிதிறன் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.